ஏப்ரல் முதல் மார்ச் வரை: எக்செல் தாளில் நிதியாண்டு மொத்தம் பிசகாமல் வரச் செய்வது எப்படி?

கடைக்கணக்கை எக்செல் தாளில் எழுதி வருபவர்களில் பலர், தேதிக்குப் பக்கத்தில் ஆண்டைக் காட்டும் ஒரு சூத்திரத்தைப் போட்டு, அந்த ஆண்டின்படி மொத்தம் எடுக்கிறார்கள். அந்தச் சூத்திரம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களையும் தவறான ஆண்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், தாள் எந்தப் பிழைச் செய்தியையும் காட்டாது. எல்லா எண்களும் ஒழுங்காகவே தோன்றும். மொத்தம் மட்டும் தவறாக இருக்கும். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் சாக்கு, தார்ப்பாய், கயிறு விற்கும் ஒரு கடையின் தாள் இப்படித்தான் என் கைக்கு வந்தது. அதைச் சீர்செய்வதற்கு நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள சூத்திரங்கள் எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய மூன்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். பின்னிரண்டும் இலவசம் என்பதால் இதற்காக மென்பொருள் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

தாளில் கை வைப்பதற்கு முன் மூன்றை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நிதியாண்டின் பில் புத்தகங்கள், ஏப்ரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கை, முந்தைய ஆண்டுக்குத் தாக்கல் செய்த கணக்கின் நகல். வங்கி அறிக்கையை நெட் பேங்கிங்கில் நீங்களே இறக்கிக்கொள்வது நல்லது. கிளையில் அச்சடித்து வாங்கினால் கட்டணம் கேட்கக்கூடும். அதோடு, அந்தத் தாளில் உள்ளதை மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டிவரும்.

அடுத்து, கணக்குக் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம். முன்பு சொன்ன மொத்தம் எப்படி வந்தது என்று ஆடிட்டர் கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும்.

இந்தக் கட்டுரையில் A நெடுவரிசையில் தேதி, B-யில் பில் எண், C-யில் விவரம், D-யில் தொகை என்று வைத்துக்கொள்கிறேன். E-யில்தான் நிதியாண்டு வரப்போகிறது.

2. உங்கள் தாளில் இப்போது இருக்கும் சூத்திரத்தைப் படியுங்கள்

நிதியாண்டு காட்டும் கட்டத்தைச் சொடுக்கினால், மேலே உள்ள பட்டையில் சூத்திரம் தெரியும். என் கைக்கு வந்த தாளில் இருந்தது இது:

```
=YEAR(A2)&"-"&YEAR(A2)+1
```

தேதி 10-02-2024 என்றால் இது "2024-2025" என்று எழுதும். பார்ப்பதற்கு நிதியாண்டுப் பெயர் போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் 2024 பிப்ரவரி 2023-24ஆம் நிதியாண்டைச் சேர்ந்தது. இந்தச் சூத்திரம் செய்வதெல்லாம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டுக்கு நிதியாண்டின் பெயர்ப்பலகையை மாட்டிவிடுவதுதான். வெறும் `YEAR(A2)` இருந்தால்கூடப் பரவாயில்லை, நாட்காட்டி ஆண்டு என்று ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். இந்தப் பெயர்ப்பலகைதான் ஆளை ஏமாற்றுகிறது.

இன்னும் இரண்டு வகைப் பிழைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, மாதத்தை ஒப்பிடும் இடத்தில் `MONTH(A2)>4` என்று எழுதியிருப்பது. ஏப்ரல் நான்காவது மாதம். நான்கு நான்கைவிடப் பெரியது அன்று. ஆகவே ஏப்ரல் மாதம் முழுவதும் முந்தைய நிதியாண்டுக்குப் போய்விடும். `>=4` என்றிருக்க வேண்டும்.

மற்றொன்று, மூன்று மாதத்தைத் தொண்ணூறு நாள் என்று கணக்கிட்டு `YEAR(A2-90)` என்று எழுதியிருப்பது. சாதாரண ஆண்டில் இது சரியாகவே வரும், ஏனெனில் ஜனவரி முதல் மார்ச் வரை 31, 28, 31 என்று சரியாக 90 நாட்கள். லீப் ஆண்டிலோ 91 நாட்கள். அதனால் 31-03-2024 அன்று எழுதிய பில்கள் மட்டும் தனியாகப் பிரிந்து 2024-25க்குப் போய்விடும். மூன்று ஆண்டுகள் சரியாக இருந்து நான்காம் ஆண்டில் ஒரே ஒரு நாள் பிசகும் சூத்திரத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அதுவும் மார்ச் 31 என்பது நிலுவைப் பில்களையெல்லாம் எழுதித் தீர்க்கும் நாள்.

3. பிழையின் அளவு எவ்வளவு என்று பாருங்கள்

நான் பார்த்த கடையின் எண்களையே முழு ஆயிரங்களாக்கித் தருகிறேன். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்னும் நெல் பருவத்தின் அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும். சாக்கும் தார்ப்பாயும் அப்போதுதான் அதிகம் விலைபோகும். ஆகவே, எந்த மூன்று மாதங்களைச் சூத்திரம் இடம் மாற்றுகிறதோ, அவையே இந்தக் கடைக்கு வியாபாரம் மிகுந்த மாதங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் வயல்கள் மூழ்கியதால், 2024இன் முதல் மூன்று மாத விற்பனை குறைந்தது என்று கடைக்காரர் சொன்னார்.

2024 ஜனவரி முதல் மார்ச் வரை 11,40,000 ரூபாய்.
2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை 26,20,000 ரூபாய்.
2025 ஜனவரி முதல் மார்ச் வரை 14,70,000 ரூபாய்.

பழைய சூத்திரம் முதல் இரண்டையும் கூட்டி, "2024-2025" என்ற பெயரில் 37,60,000 ரூபாய் என்று காட்டியது. உண்மையான நிதியாண்டு மொத்தம் கடைசி இரண்டின் கூட்டல், அதாவது 40,90,000 ரூபாய். வித்தியாசம் 3,30,000 ரூபாய்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். அது 14,70,000க்கும் 11,40,000க்கும் இடையிலான வித்தியாசமே. அதாவது, பிழையின் அளவு அடுத்தடுத்த இரண்டு ஜனவரி–மார்ச் விற்பனைகளின் வேறுபாட்டுக்குச் சமமாக இருக்கும். இரண்டு ஆண்டுகளிலும் அந்த மூன்று மாதங்கள் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்திருந்தால் மொத்தமும் ஏறக்குறையச் சரியாகவே வந்திருக்கும். பிழை வெளியே தெரிந்திராது. பல கடைகளில் ஆண்டுக்கணக்கில் இது தெரியாமல் கிடப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எல்லா ஆண்டுகளையும் சேர்த்த பெருமொத்தத்தைச் சரிபார்த்தும் பயனில்லை. எந்தப் பில்லும் காணாமல் போகவில்லை, இடம் மட்டுமே மாறியிருக்கிறது என்பதால் பெருமொத்தம் எப்போதும் பொருந்தும்.

இந்தக் கடையில் வித்தியாசம் வெறும் எண்ணோடு நிற்கவில்லை. பொருள் மட்டும் விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஒரு நிதியாண்டில் 40 லட்சம் ரூபாய். வரம்பைத் தாண்டிப் பதிவுக்கு உரியவராகிவிட்டால், அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இல்லாத இந்தக் கடையின் விற்பனை, 2025 பிப்ரவரி முடிவில் 33,70,000 ஆக இருந்து, மார்ச் மாதத்து 7,20,000 சேர்ந்ததும் வரம்பைத் தாண்டியது. ஆனால் பழைய தாள் அப்போது என்ன காட்டியது தெரியுமா? ஜனவரி 1 அன்றே "2025-2026" என்று புதிதாகத் தொடங்கிவிட்டதால், மார்ச் கடைசியில் அது 14,70,000 என்று மட்டும் காட்டியது. "கல்லாவுல வந்தது ஒண்ணு, கம்ப்யூட்டர் சொல்லுறது ஒண்ணா இருக்கே தம்பி" என்று அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்விதான். மார்ச் மாதத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான். ஜூலையில் கண்டுபிடித்தால் அந்த 30 நாட்கள் எப்போதோ கடந்திருக்கும்.

4. சூத்திரத்துக்கு முன் தேதிகளைச் சரிசெய்யுங்கள்

பலர் நேராகப் புதிய சூத்திரத்தைப் போட்டுவிட்டு, மொத்தம் இன்னும் பொருந்தவில்லையே என்று திகைக்கிறார்கள். தேதியே தவறாக இருந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது. ஆகையால் இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போகும்.

முதல் தொல்லை, தேதி போலத் தோன்றும் வெறும் எழுத்துகள். எக்செல் ஒரு தேதியை உள்ளுக்குள் எண்ணாகவே வைத்திருக்கும். அப்படி மாறாதவை எழுத்தாகவே நின்றுவிடும். நீங்கள் ஓரச்சீர்மையை மாற்றாதிருந்தால் அவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை என்று அறிய ஒரு காலிக் கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=COUNTA(A2:A2000)-COUNT(A2:A2000)
```

விடை பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால், அத்தனை தேதிகள் எழுத்தாக நிற்கின்றன என்று பொருள். எக்செலில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, Data பட்டியலில் Text to Columns சென்று, மூன்றாம் படியில் Date என்பதற்கு நேரே DMY என்று தேர்ந்தால் அவை தேதியாகும்.

ஆனால் அதைச் செய்வதற்கு முன் இரண்டாவது தொல்லையைப் பார்க்க வேண்டும். இதுவே கொடியது: நாளும் மாதமும் இடம் மாறிப்போவது. கணினியில் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கும்போது, வங்கியிலிருந்து இறக்கிய கோப்பைத் திறந்தால், 03/04/2025 என்ற ஏப்ரல் 3ஆம் தேதியை அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். உடனே அந்தத் தொகை ஒரு நிதியாண்டு பின்னால் போய்விடும். 07/02/2025 என்ற பிப்ரவரி 7, ஜூலை 2 ஆகி, ஒரு நிதியாண்டு முன்னால் போய்விடும். நாள் 12க்கு மேல் இருந்தால் அப்படி மாற்ற முடியாது, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே. அவை எழுத்தாகவே நின்றுவிடும். ஆகவே, இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பவற்றைப் பார்த்து, 13 முதல் 31 வரையிலான நாட்கள் மட்டும் எழுத்தாக நிற்பதாகத் தெரிந்தால், 1 முதல் 12 வரையிலானவை சத்தமில்லாமல் இடம் மாறிவிட்டன என்று உறுதியாகக் கொள்ளலாம்.

இப்படி ஆகிவிட்ட தாளைக் கட்டம் கட்டமாகத் திருத்த முயலாதீர்கள். எது மாறியது, எது மாறவில்லை என்பதைக் கட்டத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. வங்கிக் கோப்பை மறுபடி இறக்கி, கணினியின் வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றிய பிறகு திறப்பதே குறைந்த நேரம் பிடிக்கும் வழி. கூகுள் ஷீட்ஸ் என்றால் File, Settings, Locale என்ற இடத்தில் India என்று முதலில் மாற்றிவிட்டு, பிறகு கோப்பை உள்ளே கொண்டுவாருங்கள். அமைப்பைப் பிறகு மாற்றினால், ஏற்கெனவே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தேதிகள் தாமாகத் திருந்தமாட்டா.

கையால் தட்டச்சு செய்த விற்பனைத் தாளில் இடம் மாறிய தேதிகளைப் பிடிக்கப் பில் எண் உதவும். பதிவு பெற்ற கடைகளின் பில்களுக்கு ஒரு நிதியாண்டுக்குள் தொடர் எண் இருக்க வேண்டும் என்பது விதி. பதிவு இல்லாத கடைகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பில் புத்தக வரிசையிலேயே தாளை வைத்துக்கொண்டு, ஒதுக்குப்புறமான ஒரு நெடுவரிசையில் மூன்றாம் வரிசையிலிருந்து இதை இழுத்துவிடுங்கள்:

```
=A3<A2
```

TRUE என்று வரும் இடத்தில் தேதி பின்னோக்கிப் போயிருக்கிறது. அந்தப் பில்லையும் அதற்கு முந்தையதையும் புத்தகத்தில் எடுத்துப் பாருங்கள். முந்தையது தவறாக முன்னே போயிருந்தாலும் அடையாளம் இங்கேதான் தெரியும்.

5. சரியான சூத்திரத்தை எழுதுங்கள்

E2 கட்டத்தில் இதை எழுதி, கடைசி வரிசை வரை இழுங்கள்:

```
=IF(ISNUMBER(A2),YEAR(A2)-(MONTH(A2)<4),"தேதி?")
```

இதன் உள்ளம் `YEAR(A2)-(MONTH(A2)<4)` என்பதுதான். மாதம் நான்குக்குக் குறைவாக இருந்தால், அந்த அடைப்புக்குறி 1 என்று மதிப்புப் பெற்று ஆண்டிலிருந்து ஒன்றைக் கழிக்கும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அது பூஜ்யமாகி ஆண்டு அப்படியே நிற்கும். நிதியாண்டு தொடங்கும் ஆண்டே விடையாக வரும்: 2024 என்றால் 2024-25.

வெளியே `ISNUMBER` போட்டதற்குக் காரணம் உண்டு. தேதி எழுதாத காலிக் கட்டத்தை இந்த மென்பொருள்கள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை 1899ஆம் ஆண்டில் சேர்த்துவிடும். உங்கள் பழைய தாளில் எங்காவது 1899 அல்லது 1900 என்று ஓர் ஆண்டு தலைகாட்டியிருந்தால், அங்கே தேதி விடுபட்ட பில் இருக்கிறது.

ஆடிட்டருக்குக் காட்ட "2024-25" என்ற வடிவம் வேண்டுமானால், அடுத்த நெடுவரிசையில் இப்படி எழுதலாம்:

```
=IF(ISNUMBER(E2),E2&"-"&TEXT(MOD(E2+1,100),"00"),"")
```

கூட்டலுக்கு E-யில் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். இந்தப் பெயர் பார்வைக்கு மட்டும்.

6. எல்லைத் தேதிகளை வைத்துச் சோதியுங்கள்

ஒரு காலித் தாளில் ஆறு தேதிகளை எழுதி, அதே சூத்திரத்தை ஓட்டிப் பாருங்கள். 31-03-2024க்கு 2023 வர வேண்டும். 01-04-2024, 30-04-2024, 01-01-2025, 31-03-2025 ஆகிய நான்குக்கும் 2024 வர வேண்டும். 01-04-2025க்கு 2025. மேலே இரண்டாம் படியில் சொன்ன மூன்று பிழைகளில் எது இருந்தாலும் இந்த ஆறில் ஒன்றாவது காட்டிக்கொடுத்துவிடும். ஆகஸ்ட், அக்டோபர் தேதிகளை வைத்துச் சோதிப்பதில் பொருளில்லை. அவை தவறான சூத்திரத்திலும் சரியாகவே வரும்.

7. மொத்தத்தை இரண்டு வழிகளில் எடுத்து ஒப்பிடுங்கள்

முதல் வழி, E நெடுவரிசையைக் கொண்டு:

```
=SUMIFS(D:D,E:E,2024)
```

இரண்டாவது, E-யைத் தொடாமல் நேராகத் தேதியைக் கொண்டு:

```
=SUMIFS(D:D,A:A,">="&DATE(2024,4,1),A:A,"<"&DATE(2025,4,1))
```

இரண்டும் ஒரு ரூபாய்கூட வேறுபடக் கூடாது. இரண்டாவதில், "மார்ச் 31 வரை" என்று எழுதாமல் "ஏப்ரல் 1க்கு முன்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். யுபிஐ அறிக்கைகளில் பெரும்பாலும் தேதியோடு நேரமும் சேர்ந்து வரும். மார்ச் 31 மாலை 6:40 என்பது, வெறும் மார்ச் 31ஐவிடச் சற்றுப் பெரிய எண். `"<="&DATE(2025,3,31)` என்று எழுதினால் அன்றைய நாள் முழுவதுமான யுபிஐ வரவும் விடுபட்டுப்போகும்.

தேதி இல்லாத வரிசைகளை இரண்டு வழிகளும் ஒருசேர விட்டுவிடும் என்பதால், அவற்றைப் பிடிக்க `=SUMIFS(D:D,E:E,"தேதி~?")` என்று தனியாக ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். பூஜ்யம் வரும் வரை ஆடிட்டரிடம் போக வேண்டாம். அந்த நெளிகோட்டை விட்டுவிடாதீர்கள். எக்செலில் கேள்விக்குறிக்கு "ஏதேனும் ஓர் எழுத்து" என்று வேறு பொருள் உண்டு.

8. பிவட் டேபிள் பயன்படுத்துபவர்களுக்கு

எக்செல் 2016 முதலான பதிப்புகளில், பிவட் டேபிளில் தேதியைப் போட்டவுடன் அது தானாகவே ஆண்டு, காலாண்டு, மாதம் என்று பிரித்துக்கொள்ளும். அவை அனைத்தும் நாட்காட்டி ஆண்டின்படியே பிரிந்திருக்கும்; அங்கே தெரியும் முதல் காலாண்டு ஜனவரியில் தொடங்குவது. அந்தப் பிரிவை நீக்கிவிட்டு, E நெடுவரிசையை வரிசைப் பகுதியில் வையுங்கள். மாதங்கள் ஏப்ரலில் தொடங்கி வர வேண்டுமானால், இந்த எண்ணைத் தரும் நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து அதன்படி அடுக்குங்கள். ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று வரும்:

```
=MOD(MONTH(A2)-4,12)+1
```

9. எப்போது செய்வது, யாரிடம் எதைக் கொடுப்பது

ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பில் எழுதும் கடைக்கு, தேதிகள் ஒழுங்காக இருந்தால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது. தேதிகள் இடம் மாறியிருந்தால், பில் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க இரண்டு மூன்று நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் வாரத்தில் ஒருமுறை, மார்ச் 31 இரவுக் கணக்கு முடிந்ததும் ஒருமுறை என்று இருமுறை பார்ப்பது என் பழக்கம். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு மார்ச் மாத விற்பனை விவரம் ஏப்ரல் 11க்குள் போக வேண்டும் என்பதால், ஏப்ரல் முதல் வாரத்துக்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

முந்தைய ஆண்டுகளின் மொத்தமும் இதே சூத்திரத்தால் தவறியிருந்தால், நீங்களாக எதையும் திருத்தித் தாக்கல் செய்யாதீர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பழைய மொத்தம், புதிய மொத்தம், வித்தியாசம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, கீழே அந்தந்த ஆண்டின் ஜனவரி–மார்ச் விற்பனையைத் தனியாகக் காட்டி, பழைய கோப்போடு சேர்த்து ஆடிட்டரிடம் கொடுங்கள். ஜிஎஸ்டி கணக்கில் ஒரு நிதியாண்டின் பில்களைத் திருத்துவதற்கு அடுத்த நவம்பர் 30 வரைதான் இடமுண்டு. ஆகவே அவர் முதலில் பார்க்கப்போவது எந்த ஆண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பதைத்தான். வரம்பைத் தாண்டிய ஆண்டு ஏதேனும் இருந்தால், எந்த பில்லில் தாண்டியது என்று அந்த வரிசைக்கு மஞ்சள் நிறம் பூசிக் கொடுத்துவிடுங்கள்; 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே தொடங்குவதால் அதைத் தேடும் வேலை அவருக்கு மிச்சம், அதற்கான கட்டணமும் உங்களுக்கு மிச்சம்.